‘பண்ணு’ மட்டும் தீர்மானிப்பதில்லை

‘ஃபோன் பண்ணு’ போன்ற கூட்டுவினைகளில் விகுதி ஏற்பது ‘பண்ணு’தான், ஆகவே உடன்வரும் பெயர்களின் வேற்றுமையையும் அதுவே தீர்மானிக்கிறது என்கிறார்கள். முதல் பாதி சரி. மறுபாதி பிழை.

ஒன்று: தமிழர் பேச்சைக் கேட்டாலே போதும். அவளை லவ் பண்றான், அவளுக்கு ஃபோன் பண்றான், அவளுக்காக வெயிட் பண்றான். ‘பண்ணு’ மாறவில்லை. வேற்றுமை மட்டும் எப்படி மாறுகிறது?

இரண்டு: இது ஆங்கிலக் கடன்சொல்லின் கோளாறா? அவனைக் கொலை செய்தான், அவனுக்கு உதவி செய்தான். செய்யப்பட்டது கொலை என்றால் ‘அவனை’ எங்கிருந்து வந்தது? கொலையிலிருந்துதான்.

மூன்று: முன்சொல்லே எல்லாம் என்பதும் தவறு. ‘டிக்கெட்டை கேன்சல் பண்ணினார்’, ‘டிக்கெட் கேன்சல் ஆச்சு’. செய்பவரைக் கொண்டுவருவதும் நீக்குவதும் பின்வரும் வினை.

ஆக, முதலில் முன்சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு வினையை மட்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு.