குரூப் போட்டோவில் ஒருவர் தலையை மட்டும் மாற்றுவது எப்படி? எங்கே மாட்டிக்கொள்ளும்?

குற்றாலத்தில் சாரல் சீசன். பேரருவியில் குளித்துவிட்டு 11 பேர் கொண்ட குடும்பம் வரிசையாக நிற்கிறது. அடுத்தடுத்து 3 படங்கள். இரண்டாவது படத்தில் எல்லாரும் அழகாகச் சிரிக்கிறார்கள், ஆனால் பெரியப்பா மட்டும் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது படத்தில் அவர் கண் திறந்திருக்கிறது, குழந்தைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். இப்படி வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வார்கள்?

மூன்றாவது படத்திலிருந்து பெரியப்பாவின் தலையை எடுத்து இரண்டாவதில் பொருத்துவார்கள். ஸ்டுடியோக்களில் இது பல வருஷமாக நடக்கும் வேலைதான். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8 போனின் 'Best Take' வசதி இதையே போனிலேயே செய்து கொடுக்கிறது.

முதலில் கழுத்து

போட்டோஷாப்பில் இரண்டு படங்களையும் அடுக்கி, Auto-Align Layers கொடுத்தால் பின்னணிப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். பிறகு தலையை மட்டும் வெட்டாமல், கழுத்தும் கொஞ்சம் தோளும் சேர்த்து எடுக்க வேண்டும். அதைப் பாதி வெளிப்படையாக வைத்து, கீழே உள்ள படத்தின் காது, தாடையோடு அளவு பார்ப்பார்கள்.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. தலை தோள் பக்கம் சாய்ந்திருந்தால் சுழற்றிச் சரிசெய்யலாம். ஆனால் தலை இடமோ வலமோ திரும்பியிருந்தால் எவ்வளவு சுழற்றினாலும் சரியாகாது. காரணம், முகம் திரும்பும்போது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஓடும் தசை ஒரு பக்கம் புடைத்துத் தெரியும். முகம் ஒரு திசையும் அந்தத் தசை இன்னொரு திசையும் காட்டினால், பார்ப்பவருக்கு 'ஏதோ இடிக்குதே' என்று தோன்றும்.

சட்டை போட்டிருந்தால் ஒட்டு காலருக்குள் மறைந்துவிடும். அருவியில் குளித்த ஆண்கள் பெரும்பாலும் வெற்று மார்போடுதான் நிற்பார்கள். அப்போது ஒட்டை தாடைக்குக் கீழே விழும் நிழலில் வைக்க வேண்டும். அதுவும் பொருந்தாவிட்டால் பெரியப்பாவை முழு உடலோடு மாற்றுவதே நல்லது.

அடுத்து வெளிச்சம்

நெற்றியில் எந்தப் பக்கம் பளபளப்பு, மூக்கு நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே வெளிச்சத்தின் திசை தெரிந்துவிடும். மேகம் மூடியிருக்கும்போது நிழல் மெல்லியது, வேலை சுலபம். இரண்டு படங்களுக்கு நடுவில் வெயில் எட்டிப் பார்த்தால் சிக்கல்.

திசை மாறியிருந்தால் சிலர் தலையை இடவலமாகப் புரட்டிவிடுவார்கள். அதுதான் சுலபமாக மாட்டும் இடம். தலை வகிடு, மூக்குத்தி, மச்சம் எல்லாம் பக்கம் மாறிவிடும். ஆபிரகாம் லிங்கன் கம்பீரமாக நிற்கும் ஒரு பழைய அச்சுப் படத்தில், ஜான் கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் உடலில் லிங்கனின் தலை ஒட்டப்பட்டிருந்தது. அதிலும் லிங்கனின் கன்னத்து மச்சம் தவறான பக்கத்தில்தான் இருந்தது.

கடைசியில் தோல் நிறம்

முகத்தைக் கழுத்தோடு ஒப்பிட்டு, சிவப்பும் மஞ்சளும் Curves-ல் சமப்படுத்துவார்கள். குற்றாலத்தில் இன்னும் இரண்டு தொல்லை உண்டு. மர நிழலில் நின்றால் தோலில் லேசாகப் பச்சை ஏறும். காற்றில் சாரல் பறந்தால் படத்தில் கறுப்பு வெளிறிவிடும். சாரல் இல்லாத படத்தின் முகத்தைச் சாரல் படத்தில் வைத்தால், அந்த முகம் மட்டும் தனியாகத் துருத்தும். அதனால் முகத்தின் இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் வெளிறவைக்க வேண்டும். குளிப்பதற்கு முன் எடுத்த காய்ந்த தலைமுடி, ஈரத் தோளில் உட்கார்ந்தால் எந்த நிறத் திருத்தமும் காப்பாற்றாது.

இதில் தப்பு என்ன?

வீட்டு ஆல்பத்துக்கு என்றால் ஒன்றுமில்லை. பெரியப்பா அங்கே நின்றது உண்மை, ஒரு சில நொடிதான் வித்தியாசம். ஆனால் அதே படம் செய்தியாக வந்தால் கணக்கே வேறு.

2024 மார்ச் 10-ம் தேதி பிரிட்டன் இளவரசி கேட் குழந்தைகளோடு இருக்கும் அன்னையர் தினப் படம் வெளியானது. மகள் சார்லட்டின் இடது கைப் பகுதி சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்லி ஏபி நிறுவனம் அன்றே படத்தைத் திரும்பப் பெற்றது. ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி நிறுவனங்களும் பின்வாங்கின. மறுநாள், எடிட் செய்து பார்த்தது தான்தான் என்று கேட் மன்னிப்புக் கேட்டார். ஒரு சட்டைக் கையின் ஓரம் இடித்ததால் முழுப் படமும் நம்பிக்கை இழந்தது.

அதனால், முக்கியமான ஒரு குரூப் போட்டோ உங்கள் போனுக்கு வந்தால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரிதாக்கி கழுத்தைப் பாருங்கள், பிறகு பக்கத்தில் நிற்பவரின் மூக்கு நிழலோடு ஒப்பிடுங்கள். நீங்களே மாற்றினால், ஒரிஜினல் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். யாராவது கேட்டால் காட்ட அதுதான் கைவசம் இருக்கும் சாட்சி.