ஸ்லைடுகளில் புதையும் ரன்புக்

சேவை விழுந்து எழுந்ததும் நிறுவனங்களில் ஒரு ஸ்லைடு கோப்பு பிறக்கிறது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, மூல காரணம் என்ன, இனி என்ன செய்யப் போகிறோம் என்று பத்துப் பன்னிரண்டு பக்கம். கூட்டத்தில் காட்டுகிறார்கள். மேலாளர் இரண்டு கேள்வி கேட்கிறார். கோப்பு பொது டிரைவுக்குப் போய்விடுகிறது. சில மாதம் கழித்து அதே அலர்ட் அதிகாலை இரண்டரைக்கு அடிக்கும்போது ஆன்-காலில் இருப்பவர் அந்தக் கூட்டத்துக்கே வராதவர். அந்தக் கோப்பு இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்து திறந்தாலும் அது அவருக்கு உதவாது.

காரணம் எளிது. ஸ்லைடு, நோயின் பெயரிலிருந்து தொடங்குகிறது. அலர்ட் அடிக்கும் நேரத்தில் பொறியாளர் கையில் இருப்பதோ காய்ச்சல் மட்டும்தான். அவருக்கு வேண்டியது ரன்புக்: கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, எதைச் சோதிப்பது, என்ன பதில் வந்தால் என்ன பொருள், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு யாரை எழுப்புவது என்று வரிக்கு வரி சொல்லும் பக்கம். முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதும் எழுதியாகிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பெரிய இழப்பு இந்த நம்பிக்கைக்குள்தான் காத்திருக்கிறது.

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பாருங்கள். அந்த நிறுவனம் தன் விபத்தை மறைக்காமல் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. அதனால்தான் இன்று அதை வைத்துப் பேச முடிகிறது. அவர்களிடம் ஒரு பிரைமரி டேட்டாபேஸும், அது விழுந்தால் கைகொடுக்க ஒரு செகண்டரியும் இருந்தன. அன்று மாலை முதல் பிரைமரியில் சுமை ஏறியது. உலக நேரப்படி இரவு 11 மணியளவில் செகண்டரி பின்தங்கி, நகலெடுப்பு அறுந்தது. செகண்டரிக்குத் தேவையான பதிவுக் கோப்புகளைப் பிரைமரி அதற்குள் அழித்துவிட்டிருந்தது. இனி செகண்டரியின் டேட்டா கோப்புறையைக் காலிசெய்து, `pg_basebackup` கட்டளையால் முழு நகலை மீண்டும் எடுப்பதுதான் வழி.

அந்தக் கட்டளை எதுவும் சொல்லாமல் நின்றது. சில முயற்சிகளுக்குப் பிறகு, பிரைமரியில் நகலெடுப்புக்கான இணைப்புகள் போதவில்லை என்று ஒரு செய்தி வந்தது. `max_wal_senders` எண்ணை உயர்த்தினார்கள். உடனே பிரைமரி மறுபடி கிளம்ப மறுத்தது. `max_connections` 8000 என்று இருந்ததுதான் தடை. அதை 2000 ஆக்கிக் கிளப்பினார்கள். கட்டளை மறுபடியும் மௌனம். முந்தைய முயற்சிகள் விட்டுப்போன கோப்புகள்தான் இடைஞ்சல் என்று நினைத்த ஒரு பொறியாளர், கோப்புறையை அழிக்கும் கட்டளையை 11.30 மணியளவில் ஓட்டினார். அவர் இருந்தது பிரைமரியில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது.

இதை நம் வழக்கப்படி ஸ்லைடாக்கினால் என்ன வரும்? “மூல காரணம்: தவறான சர்வரில் அழிப்பு.” “நடவடிக்கை: கூடுதல் கவனம் தேவை.” அங்கும் இங்கும் சுற்றிய அந்த அரை மணி நேரம் ஒரே வரியாகச் சுருங்கிவிடும், அல்லது யாருக்கும் சங்கடம் வேண்டாமே என்று நீக்கப்படும். ரன்புக்குக்கு வேண்டிய சரக்கு முழுவதும் இருப்பது அந்த அரை மணியில்தான். பொறியாளர்கள் எதைப் பார்த்து எதை நினைத்தார்கள், எந்த மௌனத்தைக் கோளாறு என்று படித்தார்கள் என்பதெல்லாம் நாளை அதே இடத்தில் நிற்கப்போகிறவரும் நினைக்கப்போவது. கட்டளை பிரைமரிக்காகக் காத்திருக்கும்போது எதுவும் சொல்லாது என்பது தங்கள் ரன்புக்கிலும் தெளிவாக இல்லை, அந்தக் கட்டளையின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் இல்லை என்று கிட்லேப் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. ஒரு வரி இல்லாததால் வந்த வினை.

அந்த அறிக்கையை ரன்புக்காக மாற்றிப் பார்ப்போம். பக்கத்தின் தலைப்பு “ஜனவரி டேட்டாபேஸ் விபத்து” என்று இருக்கக் கூடாது. இரவுப் பணியில் இருப்பவர் திரையில் தெரியும் பிழைச்செய்தியை அப்படியே தேடுபெட்டியில் ஒட்டுவார். எனவே செகண்டரியின் பதிவில் வரும் அந்த வாசகமே தலைப்பு: `requested WAL segment … has already been removed`. அதற்கு அடுத்த வரி, பெரும்பாலான ரன்புக்குகளில் இல்லாத வரி: இது எவ்வளவு அவசரம்? கிட்லேப்பின் செகண்டரி, பிரைமரி விழுந்தால் மாறிக்கொள்வதற்காக மட்டும் இருந்தது. பயனர்களின் கோரிக்கைகள் அதற்குப் போகவில்லை. அப்படியானால் நகலெடுப்பு அறுந்ததால் மட்டும் தளம் நின்றுவிடாது. பாதுகாப்பு ஒரு படி குறைகிறது, அவ்வளவுதான். இதை எழுதிவைத்தால், நள்ளிரவில் களைத்திருப்பவரின் கை கொஞ்சம் நிதானப்படும்.

பிறகு சோதனைகள். ஒவ்வொரு சோதனைக்கும் கட்டளை மட்டும் போதாது. வரக்கூடிய பதில்களும் அவற்றின் பொருளும் வேண்டும். எதையும் அழிப்பதற்கு முன் ஓட்ட வேண்டியது இது:

```
hostname -f
psql -Atc "select pg_is_in_recovery();"
```

`t` வந்தால் நீங்கள் இருப்பது செகண்டரியில். டேட்டா ஏற்கெனவே காலியாகி டேட்டாபேஸ் ஓடவில்லை என்றால் இணைப்புப் பிழை வரும். அப்போது சர்வர் பெயரை இன்னொருவரோடு சேர்ந்து ஒப்பிட வேண்டும். `f` வந்தால் இது பிரைமரி, கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். அன்றிரவு பிரைமரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த இரண்டு வரி ஓடியிருந்தால் `f` என்று பதில் வந்திருக்கும்.

அடுத்தது அந்த மௌனம். நகலெடுக்கும் கட்டளை பேசாமல் நின்றால், பிரைமரியில் இதைக் கேளுங்கள்:

```
select application_name, state from pg_stat_replication;
```

`pg_basebackup` என்ற பெயரும் `backup` என்ற நிலையும் தெரிந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது. கட்டளை அநேகமாகப் பிரைமரியின் செக்பாயிண்ட் முடியக் காத்திருக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது. பொறுமை இல்லாவிட்டால் `--checkpoint=fast` சேர்த்துத் தொடங்கியிருக்கலாம். பிரைமரி ஏற்கெனவே சுமையில் திணறும்போது அது கூடுதல் பாரம் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். அந்தப் பெயரே தெரியாவிட்டால் கட்டளை பிரைமரியை எட்டவில்லை. அப்போது பார்க்க வேண்டியது `max_wal_senders`. அதை மாற்றப் பிரைமரியை நிறுத்திக் கிளப்ப வேண்டும் என்பதால் அது ஆன்-கால் பொறியாளர் தனியாக எடுக்கிற முடிவு அல்ல.

அழிக்கும் படியைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: ரன்புக்கில் `rm -rf` இருக்கவே கூடாது. வட்டில் இடம் இருக்கும்வரை கோப்புறையின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்தால் போதும். தவறான சர்வரில் பெயர் மாற்றினாலும் சேவை தடுமாறும்தான். ஆனால் பெயரைத் திருப்பி வைக்க முடியும்.

எஸ்கலேஷன் பகுதியில்தான் பெரும்பாலான ரன்புக்குகள் கைகழுவுகின்றன. “தேவைப்பட்டால் மூத்தவரை அணுகவும்” என்று எழுதுவது எஸ்கலேஷன் ஆகாது. புதிதாகச் சேர்ந்தவர், எழுப்பினால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கித் தயங்கியே தனியாக ஆழத்துக்குப் போவார். அந்தத் தயக்கத்தை அவர் தலையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும்: அழிக்கும் எந்தப் படிக்கும் முன் இரண்டாவது ஆள் அழைப்பில் இருந்து திரையைப் பார்க்க வேண்டும், முதல் நகலெடுப்பு இருபது நிமிடத்தில் நகரவில்லை என்றால் டேட்டாபேஸ் குழுவின் அன்றைய பொறுப்பாளரை எழுப்ப வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவரை. நிமிடம் இருபதா பதினைந்தா என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது, ஆனால் ஒரு எண் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கடைசி பேக்கப் கோப்பை இப்போதே கண்ணால் பாருங்கள், அதன் தேதியையும் அளவையும். 24 மணி நேரத்துக்கு மேல் பழையது என்றாலோ, அளவு வழக்கத்தைவிடக் குறைவு என்றாலோ எதையும் தொடாமல் பேக்கப் பொறுப்பாளரை எழுப்ப வேண்டும். கிட்லேப்பில் அன்று எஸ்3 சேமிப்பகத்தைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுத்தது 9.2 பதிப்பின் `pg_dump`, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ டிமார்க் சரிபார்ப்பில் அடிபட்டு யாரையும் எட்டவில்லை. பேக்கப்புக்கு யார் பொறுப்பு என்று தேடினால் அப்படி ஒருவர் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது, விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறு சோதனைக்காக ஒரு பொறியாளர் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட். தற்செயல். தளம் மறுநாள் மாலைதான் திரும்பியது. இடைப்பட்ட மணிநேரங்களில் உருவான சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் திரும்பவில்லை.

மூலக் காரணத்தையே சுற்றி எழுதப்படும் ஸ்லைடில் இந்த பேக்கப் கதை “கூடுதல் கண்டுபிடிப்புகள்” என்று ஒன்பதாம் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ரன்புக்கில் அதன் இடம் அழிக்கும் படிக்கு மேலே. விபத்துக்குப் பிந்தைய வரைபடங்கள், நிமிட வாரியான காலவரிசை, நன்றி நவிலல் எல்லாம் ஸ்லைடிலேயே இருக்கட்டும். அவற்றுக்கும் வாசகர்கள் உண்டு.

எழுதிய பக்கமும் கெட்டுப்போகும். 2017 அக்டோபரில் வந்த போஸ்ட்கிரெஸ் 10, `pg_xlog` கோப்புறைக்கு `pg_wal` என்று பெயர் மாற்றியது. `pg_stat_replication` பார்வையில் `sent_location` என்ற நெடுவரிசை `sent_lsn` ஆனது. பிப்ரவரியில் கவனமாக எழுதிய ரன்புக்கின் கட்டளை, பதிப்பு உயர்ந்த அன்றே பிழையடிக்கத் தொடங்கியிருக்கும். அதுவும் நள்ளிரவில்தான் தெரியவரும்.

எனவே இரண்டு விதிகளை வைக்கச் சொல்கிறோம். ரன்புக் பக்கம் இணைக்கப்படாத எந்த விபத்தாய்வையும் முடிந்ததாகக் குறிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தை எழுதியவர் அல்லாத, விபத்தன்று பணியில் இல்லாத ஒருவர், ஸ்டேஜிங் சூழலில் நகலெடுப்பை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துச் சரிசெய்து காட்ட வேண்டும். அவர் எந்த வரியில் தடுக்கி எழுதியவரைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியை அன்றே திருத்த வேண்டும். ஒவ்வொரு பதிப்பு உயர்வுக்கும் முன் இதே ஒத்திகை மறுபடி நடக்க வேண்டும். இதற்கு ஒரு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைத் தர முடியாது என்று சொல்லும் மேலாளரிடம், உங்கள் கடைசி பேக்கப் கோப்பின் அளவு எவ்வளவு என்று இன்றே கேளுங்கள்.