ஜெயிக்கிற குதிரைக்கு என்ன விலை?

"தொடர்ந்து ஜெயிக்கிற அணி சார், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்!" ஐ.பி.எல். வந்தால் எங்கள் புதுவைக் கடற்கரை பெஞ்சில் தினமும் கேட்கும் பேச்சு இது. இதைவிடத் தவறான கணக்கை நான் பார்த்ததில்லை.

பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்த அணியை எடுத்துக்கொள்வோம். அந்த எட்டில் திறமை உண்டு. டாஸும், எதிரணி நழுவவிட்ட கேட்சும் உண்டு. திறமை அடுத்த ஆட்டத்துக்கும் வரும். அதிர்ஷ்டம் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே அடுத்து நாம் எதிர்பார்க்க வேண்டியது 80 சதவீதம் அல்ல, அதைவிடக் குறைவு. இதைத்தான் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள்.

எவ்வளவு குறைவு? ஏலத்தில் வீரர்களைப் பிரித்துக்கொண்ட அணிகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்காது. அதனால் பாதிக்குப் பாதி ஜெயித்த 20 ஆட்டங்களைக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 30-க்கு 18, அதாவது 60 சதவீதம். இந்த 20 என்பது என் மதிப்பீடுதான். ஆட்டங்கள் கூடக் கூட, கற்பனைக்கு மதிப்புக் குறையும்.

இப்போது விலைக்கு வருவோம். எல்லோரும் அதே அணி மேல் விழுவதால், நூறு கட்டினால் 140 தான் திரும்பும் என்கிறான் பந்தயம் பிடிப்பவன். அந்த விலையில் கை நட்டப்படாமல் இருக்க 100-க்கு 72 முறையாவது ஜெயிக்க வேண்டும். 60 முறைதான் ஜெயித்தால்? கட்டியது 10,000. திரும்பியது 8,400. ஆயிரத்து அறுநூறு போச்சு! 167 கொடுத்தால்தான் அது நியாய விலை.

நாங்கள் பிரெஞ்சில் படித்த கணக்கில் இந்தச் சராசரி வரவுக்கு 'எஸ்பெரான்ஸ்' என்று பெயர். நம்பிக்கை என்று அர்த்தம். அந்த நம்பிக்கையைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து வளர்க்கக் கூடாது.

"அப்படியானால் எதிரணி மேல் கட்டலாமா?" என்று கேட்பவரும் உண்டு. அதுவும் தப்பு. தொடர்ந்து 16 டெஸ்டுகள் ஜெயித்த ஆஸ்திரேலியா, 2001-இல் கொல்கத்தாவில் ஃபாலோ-ஆன் கொடுத்தும் 171 ரன்னில் தோற்றது. அதனால் மட்டமான அணி ஆகிவிட்டதா? 2008-க்குள் மறுபடியும் தொடர்ந்து 16 ஜெயித்தது! அணி திரும்புவது தன் சொந்தச் சராசரிக்கு. ஜெயித்த பாவத்துக்குத் தோற்றே தீர வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

இந்தத் தவறு கண்ணில் படாததற்குக் காரணம், அறுபது முறை நாம் ஜெயித்துவிடுவதுதான். ஜெயித்த நாளில் விலையை யார் விசாரிக்கிறார்கள்? குமாஸ்தா வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரு நோட்டுப் போடுங்கள். கட்டுவதாக நினைத்த தொகை, சொன்ன விலை, முடிவு என்று மூன்றே பத்தி. பைசா கட்ட வேண்டாம். இரண்டு சீசன் எழுதி, 140 விலை வரிகளை மட்டும் கூட்டுங்கள். நூற்றுக்கு 72 தேறுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பெஞ்சுக்கு வாருங்கள். பேசுவோம்.