மாதக் கடைசி என்பது எந்தத் தேதி?

சரக்கு விலையைப் பற்றியோ வரியைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை தேதியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் கடையில் கணிப்பொறிக்கு ஒரு தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டதால், பல வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடைக்காரர் என் கணக்கைச் சந்தேகப்படும் நிலை வந்தது. இதே தவறு உங்களில் பலர் கடையிலும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம்.

மொத்த வியாபாரத்தில் மாதா மாதம் ஒவ்வொரு கடைக்கும் பற்று வரவு லிஸ்ட் அனுப்புவது வழக்கம். போன மாத பாக்கி, இந்த மாதம் எடுத்த சரக்கு, கட்டிய தொகை, இன்றைய நிலுவை என்று நான்கு கலம். முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்த்துக் கையால் எழுதுவார். 2023 ஜனவரியில் இதைக் கணிப்பொறியே தானாகச் செய்யும்படி ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு செய்ய வந்த தம்பி "மாதக் கடைசிக்கு எந்தத் தேதி போடட்டும் ஐயா?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல் 31 என்றேன். இரவு 9 மணிக்கு அந்த மாதம் 1 முதல் அன்றைய தேதி வரை எடுத்து லிஸ்ட் போட வேண்டும் என்பது உத்தரவு.

ஜனவரி 31 அன்று அழகாக லிஸ்ட் வந்தது. பிப்ரவரியில் வரவில்லை. முந்திரி சீசன் வேலையில் நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. மார்ச் 31 அன்று மறுபடியும் வந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் நெல்லிக்குப்பத்து மளிகைக் கடைக்காரர் இரண்டு லிஸ்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"ஐயா, ஜனவரி லிஸ்ட்டுல நிலுவை 42,600ன்னு இருக்கு. மார்ச் லிஸ்ட்டுல முன்பாக்கி 51,050ன்னு இருக்கு. நடுவுல 8,450 எப்படிங்க ஏறிச்சு?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபித்தால் பதில் சொல்லிவிடலாம்.

பேரேட்டைப் பார்த்தோம். பிப்ரவரியில் அவர் எடுத்த சரக்கு 38,450 ரூபாய். கட்டியது 30,000 ரூபாய். வித்தியாசம் 8,450. கணக்கில் ஒரு பைசா தவறில்லை. ஆனால் பிப்ரவரி மாதத்துக்கு லிஸ்ட்டே போடப்படவில்லை. மார்ச் லிஸ்ட் மார்ச் 1 முதல் தொடங்குவதால், பிப்ரவரி பில்கள் எந்த லிஸ்ட்டிலும் வரவில்லை. பாக்கி மட்டும் காரணம் சொல்லாமல் ஏறி நின்றது. கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் மொத்த வியாபாரி கை வைத்த மாதிரிதானே தெரியும்?

கணிப்பொறி ஏன் தவறு என்று சொல்லவில்லை என்று கேட்டேன். அதன் பார்வையில் தவறே நடக்கவில்லையாம். 31ஆம் தேதி வந்தால் செய் என்று சொன்னோம். பிப்ரவரியில் 31 வரவில்லை, அதனால் அது செய்யவில்லை. வேலையைத் தொடங்கி நடுவில் நின்றுபோனால் திரையில் ஏதாவது எச்சரிக்கை வரும். நாளே வராவிட்டால் எதுவும் வராது. வருஷத்தில் 31 உள்ள மாதங்கள் ஏழுதான். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்தும் சத்தமில்லாமல் போய்விடும்.

அதன் பிறகாவது சரியாகச் செய்தேனா என்றால் இல்லை. 30 என்று மாற்றச் சொன்னேன். பிப்ரவரி ஒன்றைத்தானே கையால் போட வேண்டும் என்பது என் கணக்கு. ஏப்ரல் 30 லிஸ்ட் வந்தது. மே 30 லிஸ்ட்டும் வந்தது. அதே கடைக்காரர் மே 31 அன்று 9,200 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார். மே லிஸ்ட் முந்தின நாளே போட்டாயிற்று. ஜூன் லிஸ்ட் ஜூன் 1 முதல் தொடங்கியது. 9,200 ரூபாய் பில் இரண்டு லிஸ்ட்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. முன்பாக்கி மறுபடியும் காரணமில்லாமல் ஏறியது. முதல் தவறாவது ஒரு மாதத்தையே விழுங்கியது, அதனால் கண்ணில் பட்டது. இந்த இரண்டாவது தவறு ஒரே ஒரு நாளை விழுங்குகிறது. அன்றைக்குச் சரக்கு எடுக்காத கடைக்கு எல்லாம் சரியாக இருக்கும், எடுத்த கடைக்கு மட்டும் இடிக்கும்.

28 என்று வைத்துவிட்டால் எல்லா மாதத்திலும் வருமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. சம்பளக்காரர்கள் மாதப் பிறப்பில்தான் மளிகை வாங்குவார்கள். அதற்காகக் கடைக்காரர்கள் மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாளில் சரக்கு நிரப்புவார்கள். 28இல் கணக்கை மூடினால் நம் பெரிய விற்பனை நாட்களையே வெளியே விட்டதாகும். ஜி.எஸ்.டி. ரிட்டர்னோ ஆங்கில மாதம் முழுவதற்கும் போகிறது. நம் லிஸ்ட் 28 வரை, ரிட்டர்ன் 31 வரை என்றால் கடைக்காரர் இரண்டையும் எப்படி ஒத்துப் பார்ப்பார்?

இந்த இடத்தில் நம் பெரியவர்கள் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். தமிழ் மாதம் ஆங்கில மாதத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும். ஆனி 32 நாள் வரும் வருஷம் உண்டு, மார்கழி 29 நாளோடு முடியும் வருஷமும் உண்டு. ஆனாலும் மாதக் கணக்கு தவறியதாக நான் கேட்டதில்லை. காரணம், அவர்கள் மாதம் எத்தனாம் தேதியில் முடிகிறது என்று பார்க்கவில்லை. மாதப் பிறப்பு என்று என்று பஞ்சாங்கத்தில் பார்த்தார்கள். பிறப்புக்கு முந்தின நாள் தானாகவே கடைசி நாள். முடிவு ஓடிக்கொண்டே இருக்கும், பிறப்பு எப்போதும் 1ஆம் தேதிதான்.

கணிப்பொறிக்கும் அதையே சொன்னோம். 1ஆம் தேதி காலை கடை திறக்கும் முன் ஓடு, முடிந்துபோன மாதத்துக்கு லிஸ்ட் போடு என்று உத்தரவை மாற்றினோம். 1ஆம் தேதி இல்லாத மாதம் கிடையாது. 31ஆம் தேதி இரவு 10 மணிக்கு லாரி வந்து பில் போட்டாலும் லிஸ்ட்டில் சேர்ந்துவிடும்.

விண்டோஸ் கணிப்பொறியில் Task Scheduler என்ற பகுதியில் Monthly என்பதைத் தேர்ந்தெடுத்தால், தேதிகளின் கடைசியில் Last என்று ஒன்று இருக்கும். அதை வைத்தால் 28, 29, 30, 31 எதுவானாலும் மாதத்தின் கடைசி நாளில் ஓடும். அதையே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். நாம் இரவு கடை மூடும்போது கணிப்பொறியையும் அணைத்துவிடுகிறோம். மின்சாரமும் போகும். தவறிய வேலையை அடுத்து இயந்திரம் ஓடும்போது செய்துவிடு என்று Run task as soon as possible after a scheduled start is missed என்ற கட்டத்தில் குறியிட்டு வைப்பார்கள். அப்படி அது மறுநாள் 1ஆம் தேதி காலையில் ஓடினால், "இந்த மாதம்" என்பதற்குப் புது மாதத்தை எடுத்துக்கொண்டு வெறும் லிஸ்ட்டைப் போட்டுவிடும். முடிந்த மாதம் என்று சொல்லி வைத்திருந்தால் 1ஆம் தேதி ஓடினாலும் 3ஆம் தேதி ஓடினாலும் ஒரே விடைதான். எக்செல்லில் வைத்திருப்பவர்களுக்கு முடிந்த மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் இப்படிக் கிடைக்கும்:

```
=EOMONTH(TODAY(),-2)+1
=EOMONTH(TODAY(),-1)
```

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். லிஸ்ட்டின் மேல் அச்சாகும் தேதி மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும், ஓடிய நாளாக இருக்கக் கூடாது. உங்கள் கடையில் இந்தத் தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கணிப்பொறி ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு கடையின் ஒரு வருஷ லிஸ்ட்டை எடுத்து எண்ணுங்கள், பன்னிரண்டு இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு லிஸ்ட்டின் முன்பாக்கியும் அதற்கு முந்தினதின் நிலுவையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நெல்லிக்குப்பத்துக்காரர் செய்தது இதைத்தான்.

தவணைத் தேதியிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. ஜனவரி 31 அன்று சரக்கு எடுத்து, தொகையை மூன்று மாதத் தவணையில் கட்டுவதாகப் பேச்சு என்று வையுங்கள். முதல் தவணை என்று? பிப்ரவரியில் 31 இல்லை. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் 23ஆம் பிரிவில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பிராமிசரி நோட்டு முடியும் மாதத்தில் அந்தத் தேதி இல்லையென்றால், அந்த மாதத்தின் கடைசி நாளில் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். நோட்டுக்கும் உண்டியலுக்கும் அதன்மேல் மூன்று நாள் சலுகை உண்டு. நம் கடைக் கடனுக்கு அந்தச் சலுகை பொருந்தாது, ஆனால் கடைசி நாள் என்ற வழி நியாயமானது. ஆகவே முதல் தவணை பிப்ரவரி 28, லீப் வருஷமானால் 29.

கணிப்பொறி தவறுவது அடுத்த தவணையில்தான். பிப்ரவரி 28இலிருந்து ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 என்று வரும். அதற்குப் பிறகு எல்லாத் தவணையும் 28இலேயே ஒட்டிக்கொண்டுவிடும். பிப்ரவரியைத் தாண்டியதால் கடைக்காரருக்கு மார்ச்சில் மூன்று நாள் குறைகிறது. ஒவ்வொரு தவணையையும் முந்தின தவணையிலிருந்து எண்ணாமல், பில் தேதியான ஜனவரி 31இலிருந்தே எண்ண வேண்டும். ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28, இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31, மூன்று கூட்டினால் ஏப்ரல் 30.

ஒரு மாதக் கடன் என்பதும் 30 நாள் கடன் என்பதும் ஒன்றே என்று நம்மில் பலர் வாயால் சொல்லிவிடுகிறோம். ஜனவரி 31 பில்லுக்கு ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 28. 30 நாள் என்றால் மார்ச் 2. வட்டி போடும்போது இந்த இரண்டு நாள்தான் சண்டையாகிறது. எங்கள் கடை பில்லில் இப்போது "30 நாள், பில் தேதி நீங்கலாக" என்று அச்சடித்து, பணம் கட்ட வேண்டிய தேதியையும் எழுதியே கொடுக்கிறோம். நெல்லிக்குப்பத்துக்காரர் இன்னும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். லிஸ்ட் கையில் வந்ததும் முதலில் முன்பாக்கியைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும்.