இரண்டாவது பாட்டிலுக்கு முன்

இரவு டியூட்டி மருத்துவருக்கு வார்டிலிருந்து அடிக்கடி வரும் அழைப்புகளில் இதுவும் ஒன்று: "டாக்டர், பாட்டிக்கு எனிமா போட்டு ஒரு மணி நேரமாச்சு, ரிசல்ட் இல்ல. இன்னொன்னு போடட்டுமா?" தூக்கக் கலக்கத்தில் "போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவதுதான் வழக்கம். கையில் இருப்பது சோடியம் பாஸ்பேட் எனிமாவாக இருந்தால், நோயாளி எழுபதைத் தாண்டியவராக இருந்தால், அந்த இரண்டு சொற்கள் உயிரைப் பறிக்கலாம். இந்த இதழின் ஆசிரியர் உரையை முழுக்க அந்த இரண்டாவது பாட்டிலுக்கே ஒதுக்குகிறோம்.

முதலில் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு விற்கப்படும் பாட்டிலில் இருந்து 118 மி.லி. கரைசல் உள்ளே போகிறது. அதில் 19 கிராம் மோனோபேசிக் சோடியம் பாஸ்பேட்டும் 7 கிராம் டைபேசிக் சோடியம் பாஸ்பேட்டும் உள்ளன. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 5 கிராம் பாஸ்பரஸ், 4.4 கிராம் சோடியம். ஒரு பெரியவரின் செல்களுக்கு வெளியே உள்ள நீர் முழுவதிலும் கரைந்திருக்கும் பாஸ்பரஸ் அரை கிராம் அளவுதான். அதைப் போலப் பத்து மடங்கை மலக்குடலில் ஊற்றிவிட்டு, அது சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு வந்தும் விடுகிறது. அதனால்தான் இந்த மருந்துக்குப் பாதுகாப்பானது என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

வராதபோது என்ன நடக்கும்? குடலின் சவ்வு பாஸ்பேட்டையும் சோடியத்தையும் உறிஞ்சுகிறது. கரைசல் அடர்த்தி மிகுந்தது என்பதால் உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. ரத்தக்குழாயில் நீர் குறைந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. பாஸ்பேட்டை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகத்துக்கு அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. ஏறிய பாஸ்பேட் ரத்தத்தின் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது, கால்சியம் சரிகிறது. ஆகவே, திரும்பி வராத பாஸ்பேட் எனிமாவை நரம்பில் ஏற்றிய மருந்துக்குச் சமமாகவே கருத வேண்டும். ஒரு முறை ஏற்றியது வேலை செய்யவில்லை என்று அதே மருந்தை அதே இரவில் மறுபடியும் ஏற்ற யாரும் துணிவதில்லை. மலக்குடல் என்றால் மட்டும் கை நீள்கிறது.

பயிற்சிக்காக அமைத்த ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறோம். தனி ஒருவருடையது அல்ல, ஆனால் முதியோர் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. வயது 78. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. டெல்மிசார்டானும் ஃபுரோசமைடும் எடுத்துக்கொள்கிறார். கிரியேட்டினின் 1.4. "வயசுக்கு இது நார்மல்தான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர். நாற்பதுக்குக் கீழே. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தது. வலிக்கு டிரமடால் தொடங்கியபோது மலமிளக்கி எதுவும் எழுதப்படவில்லை. ஆறாவது நாள் "வெளிக்கே போகல, வயிறு உப்பிட்டு இருக்கு" என்கிறார் மகள். மாலை ஆறு மணிக்கு ஒரு பாஸ்பேட் எனிமா. கொஞ்சம் தண்ணீர் மட்டும் கசிந்தது. இரவு பத்து மணிக்கு இரண்டாவது. காலையில் ஷிஃப்ட் மாறியதும் புதிதாக வந்தவர் மூன்றாவதையும் போட்டார். கேஸ் ஷீட்டில் "எனிமா கொடுக்கப்பட்டது" என்று மூன்று இடங்களில் இருந்தது. எவ்வளவு திரும்பி வந்தது என்று ஓரிடத்திலும் இல்லை.

பத்து மணி அளவில் பாட்டி சோர்ந்து படுத்திருந்தார். விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவதாகச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையை ஊதியபோது மணிக்கட்டு மடங்கி விரல்கள் குவிந்தன. அழுத்தம் 84/50. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 17 (இயல்பு 2.5 முதல் 4.5), கால்சியம் 5.8, சோடியம் 152, பைகார்பனேட் 13. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருந்தது. மகளுக்கோ, நேற்று வரை பேசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஏன் திடீரென்று இப்படி ஆனது என்று புரியவில்லை. வார்டிலும் முதலில் தோன்றியது செப்சிஸ் என்ற சந்தேகம்தான். எனிமா போட்ட ஒரு நாளுக்குள் முதியவர் மந்தமாகி, அழுத்தம் இறங்கி, அமிலத்தன்மை கூடினால் பாஸ்பரஸையும் கால்சியத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நமது வழக்கமான எலக்ட்ரோலைட் பட்டியலில் பாஸ்பரஸ் இருப்பதில்லை, கேட்காமல் வராது.

சிகிச்சையில் முதல் வேலை, உள்ளே மீந்திருப்பதை வெளியேற்றுவதும் நரம்பு வழியாகத் திரவம் கொடுப்பதும். கால்சியம் குறைந்திருக்கிறது என்று எண்ணைப் பார்த்தவுடன் கால்சியம் குளுக்கோனேட் ஏற்றக் கூடாது. பாஸ்பேட் இவ்வளவு உயர்ந்திருக்கும்போது அது திசுக்களில் படிய வழிவகுக்கும். தசை இழுப்பு, வலிப்பு, ஈ.சி.ஜி. மாற்றம் இருந்தால் மட்டும், கண்காணிப்போடு கொடுக்கலாம். இந்தப் பாட்டிக்கு அது தேவைப்பட்டது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டயாலிசிஸ்தான் பாஸ்பேட்டை வேகமாக இறக்கும் வழி. சிறுநீரக மருத்துவரை அழைப்பதை மாலை ரவுண்ட்ஸ் வரை தள்ளிப்போட இடமில்லை.

இது அபூர்வமான விபத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இஸ்ரேலில் ஒரே மருத்துவமனையில் பாஸ்பேட் எனிமாவுக்குப் பின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 11 முதியவர்களைப் பற்றி 2012இல் ஓர் அறிக்கை வந்தது. அவர்களில் 5 பேர் இறந்தனர். 2014 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது: 24 மணி நேரத்தில் ஒரு டோஸுக்கு மேல் கூடாது, 55 வயதைத் தாண்டியவர்கள், நீரிழப்பு, சிறுநீரக நோய், குடல் அடைப்பு, குடல் அழற்சி உள்ளவர்கள், சிறுநீர் பெருக்கி, ஏ.சி.இ. தடுப்பான், டெல்மிசார்டான் வகை மாத்திரை, ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணி எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. நம் பாட்டி இந்தப் பட்டியலில் எத்தனை இடங்களில் வருகிறார் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

அவருக்கு ஆறாவது நாள் மாலை என்ன செய்திருக்க வேண்டும்? கையுறை அணிந்து மலக்குடலை விரலால் பார்த்திருக்க வேண்டும். நம் வார்டுகளில் எனிமாவுக்கு முன் இது அரிதாகவே நடக்கிறது. கூச்சமும் நேரமின்மையும் காரணங்கள், இரண்டும் போதுமான காரணங்கள் அல்ல. உள்ளே கல்லாய் இறுகிய மலம் இருந்தால் எனிமா அதைச் சுற்றித் தேங்கும், அல்லது பக்கவாட்டில் கசியும். அந்தக் கசிவைப் பார்த்துவிட்டுப் 'பேதி' என்று மலமிளக்கியை நிறுத்தியவர்களும் உண்டு. இறுகியிருந்தால் இரவு எண்ணெய் எனிமா கொடுத்து ஊறவிட்டு, காலையில் லிக்னோகெயின் ஜெல்லி தடவி விரலால் உடைத்து எடுக்கலாம். பிறகு வெதுவெதுப்பான நார்மல் சலைன் எனிமா. அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு வாய்வழியாக மாக்ரோகால் பவுடர். மலக்குடல் காலியாக இருந்து வயிறு உப்பியிருந்தால் எனிமாவே வேண்டாம், எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். இளகிய மலம் இருந்தும் வெளியே தள்ள முடியாதவருக்கு சப்போசிட்டரி போதும்.

சப்போசிட்டரி பாஸ்பேட்டைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. ஆனாலும் பலிக்கவில்லை என்ற புகார் வருவதற்குப் பெரும்பாலும் வைக்கும் விதமே காரணம். பைசகோடைல் 10 மி.கி. சப்போசிட்டரி குடல் சுவரைத் தொட வேண்டும். மலத்துக்குள் குத்தி வைத்தால் அங்கேயே கிடக்கும். காலை உணவுக்குப் பின் குடல் தானாக அசையும் நேரத்தில் வைத்தால் பலன் கூடும். கிளிசரினும் பைசகோடைலும் 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் "ஒண்ணும் வரல" என்று இன்னொன்று வைக்கத் தேவையில்லை. வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்த கீமோதெரபி நோயாளிக்கு மட்டும் சப்போசிட்டரியோ எனிமாவோ விரல் பரிசோதனையோ எதுவும் வேண்டாம். சிறு கீறல் வழியே கிருமி ரத்தத்தில் கலக்கும்.

அடிக்கடிப் பயன்படுத்துவது பற்றி ஒரு தெளிவு தேவை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றுவிட்ட நாள் சப்போசிட்டரி என்பது திட்டமிட்ட சிகிச்சை. அதை 'பழக்கம்' என்று சொல்லி நிறுத்தச் சொல்வது தவறு. "குடல் சோம்பேறியாகிவிடும்" என்று நோயாளியைப் பயமுறுத்துவதற்கும் உரிய அளவில் எடுப்பவர்களிடம் வலுவான ஆதாரம் இல்லை. உண்மையான கேடுகள் வேறு. சோப்புத் தண்ணீர் எனிமா குடல் சவ்வை எரித்துப் புண்ணாக்கும். அதை வார்டிலிருந்து முற்றிலும் விலக்குவதே சரி. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் மீண்டும் மீண்டும் ஏற்றினால் சோடியம் இறங்கும். உடலைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று காபி எனிமா எடுத்தவர்களில் இறப்புகள் 1980லேயே பதிவாகியிருக்கின்றன. நோயாளியைக் கழிப்பறையில் உட்கார வைத்து நாசிலைச் செருகினால் அது மலக்குடலின் முன்சுவரைக் குத்தும்; இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிய நிலையில் செருக வேண்டும், தடை தட்டுப்பட்டால் நிறுத்திவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட நம்மைக் கவலைப்படுத்துவது, ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்த மலச்சிக்கலை மாதக் கணக்கில் எனிமாவால் சமாளித்துக்கொண்டே போவது. ரத்தம் கலந்து போகிறதா, எடை குறைகிறதா என்று யாரும் கேட்காமல் புற்றுக்கட்டி அதற்குள் வளர்ந்துவிடுகிறது.

மருந்துச் சீட்டில் "எனிமா எஸ்.ஓ.எஸ்." என்று எழுதும் வழக்கத்தை வாசகர்கள் இந்த வாரமே கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த எனிமா, எத்தனை மி.லி., ஒரே முறையா என்பதை எழுதுங்கள். கொடுத்த நேரத்தையும் திரும்பி வந்த அளவையும் செவிலியர் குறிக்கத் தனிக் கட்டம் போடுங்கள். எழுபது வயதைக் கடந்தவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பாஸ்பேட் எனிமா எழுதவே வேண்டாம். மற்றவர்களுக்கு முதல் பாட்டில் அரை மணி நேரத்தில் திரும்பி வரவில்லை என்றால், இரண்டாவதைத் திறக்காமல் விரல் பரிசோதனை செய்யுங்கள். பாஸ்பரஸ், கால்சியம், கிரியேட்டினின் மூன்றுக்கும் ரத்தம் எடுத்து அனுப்புங்கள்.