“இன்னும் வயசிருக்கு தானே” என்று சொல்ல முன்…

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சருக்குப் பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இரண்டு கிழமை கழித்து ஸ்கூலுக்கு வந்தார். இதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

முதல் நாள் இன்டர்வல் முடிவதற்குள் அவர் கேட்டவை: “பைக்ல பின்னால இருந்து போனீங்களா?” “இன்னும் வயசிருக்கு தானே.” “மூத்த புள்ள ஈக்கான் தானே, அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க.” சொன்ன யாருமே கெட்டவர்கள் அல்ல. சாமான் வாங்கிக்கொண்டு வீடு வரை போய்ப் பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இவற்றில் பைக் கேள்விதான் அதிகம் குத்தியது என்றார். கேள்வி போல வந்தாலும் அதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம், கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் ஏற்படும் குறைபாடு. பைக்கில் போனதோ, நின்று படிப்பித்ததோ, தண்ணி வாளி தூக்கியதோ காரணம் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியை அவர் ராவைக்குத் தூக்கமில்லாமல் தன்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருப்பார். அவராக “நான் என்ன செஞ்சேனோ” என்று தொடங்கினால், “உங்கட பிழையால நடந்ததில்ல” என்று சொல்லலாம். அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

மூத்த பிள்ளை இருப்பதும் வயது இருப்பதும் அவருக்குத் தெரியாத விஷயமா? கிளினிக் புத்தகத்தில் பிரசவத் திகதி எழுதியிருந்தது. அவர் காத்திருந்தது அந்தத் திகதிக்கு, அந்தப் பிள்ளைக்கு.

இனி, “அழ வேணாம், ஸப்ர் செய்ங்க.” அல்லாஹ்வின் நாட்டம் என்பது நம் ஈமான், அதில் பேச்சில்லை. ஆனால் தம் கைக்குழந்தை இப்ராஹீம் மௌத்தானபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள். அழுவதை ஸப்ருக்கு எதிராக நிறுத்தும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அவருக்கு உதவியது இன்னொரு டீச்சர் அனுப்பிய மெசேஜ்: “கேள்விப்பட்டேன். மிச்சம் கவலையா ஈக்கி. பதில் எழுத வேணாம். நாளைக்குப் பகல் சோறு வாசல்ல வச்சிட்டுப் போறேன். எட்டாம் தரத்து பாடத்த நான் பாக்குறேன்.” இந்த நேரத்தில் இரத்தப்போக்கு ஒன்றிரண்டு கிழமை நீடிக்கலாம், உடம்பு அசந்துபோயிருக்கும். “என்ன தேவைண்டாலும் சொல்லுங்க” என்றால், யோசித்துக் கேட்கும் வேலையும் அவர் தலையில்தான் விழும். சோறு என்றும் எட்டாம் தரம் என்றும் சொன்னபோது அந்த வேலை அவருக்கு இருக்கவில்லை.

கணவரிடமும் “அவ எப்படி?” என்று மட்டும்தான் எல்லோரும் கேட்டார்களாம். “நீங்க எப்படி?” என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஏழு மாதம் கழித்து அந்தப் பிரசவத் திகதி வந்தது. சோறு அனுப்பிய அதே டீச்சர் மட்டும் “இண்டைக்கு உங்கள நெனச்சேன், துஆ செஞ்சேன்” என்று ஒரு வரி அனுப்பினார். அதற்கு மட்டும் இவர் நீளமாகப் பதில் எழுதினாராம்.