எவர்சில்வர் தட்டில் ஒரு கடையின் பெயர்

ஆண்டு விழாவுக்கு ஆதரவு கேட்டுக் கடைவீதிக்குப் போகும் பள்ளிகள் பலவும் "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்றே கேட்கின்றன. கடைக்காரர் கல்லாவில் இருந்து ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும். தொகையைச் சொல்லாமல் கேட்பதுதான் இங்கே தவறு என்பேன்.

ஊர்ப் பாத்திரக்கடைக்கே போவோம். அறுபது பரிசு, ஒன்று எண்பது ரூபாய்க்கு எவர்சில்வர் தட்டு, மொத்தம் 4,800 ரூபாய் என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள கடிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பள்ளியின் பெயரோடு கடையின் பெயரையும் பொறிக்கலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் வெட்டும் இயந்திரம் பெரும்பாலும் அந்தக் கடையிலேயே இருக்கும். மேடையில் கட்டும் பேனரை மறுநாளே அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளை பரிசாக வாங்கிய தட்டில் அந்த வீடு பல வருடம் சாப்பிடும். அதே தொழிலில் இன்னொரு கடையின் பெயர் விழாவில் வராது என்ற உறுதியையும் எழுத்தில் கொடுங்கள். கடைக்காரர் அதிகம் மதிப்பது அதைத்தான்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே, விழாவுக்குக் குறைந்தது ஒரு மாதம் இருக்கும்போது கேட்க வேண்டும். வரிச்சலுகை கிடைக்கும் என்று வாய்விடாதீர்கள். நன்கொடைக்கு அது கிடைக்க, பெறும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் அங்கீகாரம் வேண்டும். விளம்பரச் செலவாகக் கணக்கில் எழுதக் கடைக்காரருக்கு ரசீது போதும். விழா முடிந்த வாரமே ரசீதையும் புகைப்படத்தையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.